பகிர்ந்து, டேக் செய்து, படிவமும் நிரப்பிவிட்டேன்: எதை முதலில் அழிப்பது?

செண்பகப்பூ · வெள்ளி, இரவு 9:40

வணக்கம். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீங்கள் வழி சொல்ல முடியும்.

புதன்கிழமை சாயங்காலம் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு வந்தது. பெரிய மின்னணு நிறுவனம் ஒன்றின் பெயர், அதே லோகோ. "பெட்டி பிரிந்துவிட்டதால் விற்க முடியாத 200 டேப்லெட்டுகளை இலவசமாகத் தருகிறோம். பகிருங்கள், 10 பேரை டேக் செய்யுங்கள், Done என்று எழுதுங்கள்." என் பையனின் படிப்புக்கு ஆகுமே என்று செய்துவிட்டேன். என் டைம்லைனில் ஒரு பகிர்வு, நான்கு குழுக்களில் நான்கு பகிர்வுகள். 10 பேரையும் இரண்டு கமெண்டுகளில் டேக் செய்தேன். எட்டரை மணி வாக்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் லிங்கைப் போட்டேன்.

அரை மணியில் அந்தப் பக்கத்தின் படத்தோடே ஒருவர் என் கமெண்டுக்குக் கீழே "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று ஒரு லிங்க் கொடுத்தார். அது கூகுள் ஃபார்ம். பெயர், பிறந்த தேதி, போன் எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி எல்லாம் கொடுத்தேன். அது முடிந்ததும் இன்னொரு தளம். "டெலிவரியைப் பார்க்க ஒரு கணக்குத் தொடங்குங்கள்" என்று மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்டது. பிறகு அனுப்பும் செலவுக்கு என்று கார்டு. எண்ணும் காலாவதி மாதமும் தட்டியபோதுதான் மனதில் ஏதோ உறுத்தியது. மூடிவிட்டேன்.

பணம் போகவில்லை. ஆனால் என்னை நம்பி அண்ணன் மகளும் ஒரு தோழியும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதுதான் தூங்க விடவில்லை. எல்லாவற்றையும் எப்படித் திரும்பப் பெறுவது?

---

கதிர்_09 · வெள்ளி, இரவு 9:52

அக்கா, பயப்படாதீங்க. பதிவை டெலீட் பண்ணுங்க, அந்தப் பக்கத்தை பிளாக் பண்ணுங்க, முடிஞ்சது. நீங்க பகிர்ந்தது போனா, உங்க கிட்டயிருந்து மத்தவங்க பகிர்ந்ததும் தானா போயிடும். கார்டுக்கு சப்மிட் அழுத்தலேன்னா அவங்களுக்கு எதுவும் போயிருக்காது.

---

வலைக்கண் · வெள்ளி, இரவு 10:15

செண்பகப்பூ அக்கா, இன்றிரவு பதிவை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாவது தளத்தில் கொடுத்த பாஸ்வேர்டு, உங்கள் மின்னஞ்சலுக்கும் அதேதானா? ஆம் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். "கணக்குத் தொடங்குங்கள்" என்று கேட்பதே அதற்காகத்தான். டெலிவரி, பார்சல் எதுவும் கிடையாது. பெரும்பாலோர் எங்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் தட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மின்னஞ்சல் கையில் கிடைத்தால், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தி மற்ற கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம்.

மாற்றிய பிறகு மின்னஞ்சல் அமைப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தச் சாதனங்களில் உள்நுழைந்திருக்கிறது, மீட்பு எண் உங்களுடையதுதானா, வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பு ஏதாவது புதிதாக இருக்கிறதா. மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தத் திருப்பிவிடல் அப்படியே இருக்கும்.

கதிர் தம்பி சொன்னதில் பாதி சரி, பகிர்வை அழிக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்கள் அப்படி இல்லை. ஒன்று, அக்காவின் பகிர்வை அழித்தால் அண்ணன் மகளின் பகிர்வு போகாது. அவருடையது அந்தப் பக்கத்தின் மூலப் பதிவையே சுட்டி நிற்கும் தனிப் பகிர்வு. அவரேதான் அழிக்க வேண்டும். இரண்டு, சப்மிட் அழுத்தாததால் எதுவும் போகவில்லை என்று நம்ப வேண்டாம். தட்டத் தட்டவே எழுத்துகளை அனுப்பிவிடும்படி ஒரு தளத்தை எழுத முடியும். 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1 லட்சம் சாதாரணத் தளங்களைச் சோதித்துப் பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து திறந்தபோது அவற்றில் 1,844 தளங்கள், படிவத்தை அனுப்பும் முன்பே மின்னஞ்சல் முகவரியை வெளி நிறுவனங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவை ஏமாற்றுவதற்காகவே கட்டிய தளங்கள் கூட இல்லை. எனவே கார்டு எண்ணும் காலாவதி மாதமும் அவர்கள் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியைக் கூப்பிட்டு, "ஏமாற்றுத் தளத்தில் எண்ணைத் தட்டிவிட்டேன், புது எண்ணோடு கார்டு வேண்டும்" என்று கேளுங்கள். தொடர் பிடித்தத்துக்கு ஏதாவது அனுமதி பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கார்டு மாறினாலும், புது எண்ணை வணிகர்களுக்குத் தெரிவிக்கும் சேவைகள் கார்டு நிறுவனங்களிடம் உண்டு. அதனால் பழைய சந்தா தொடர வாய்ப்பிருக்கிறது.

---

செண்பகப்பூ · வெள்ளி, இரவு 10:48

மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டுதான். இப்போது மாற்றிவிட்டேன். ஃபேஸ்புக்கிலும் அதையே வைத்திருந்தேன், அதையும் மாற்றினேன். திருப்பிவிடல் எதுவும் இல்லை, மீட்பு எண்ணும் என்னுடையதுதான். சாதனங்களில் என் போனும் வீட்டுக் கணினியும் மட்டும் இருக்கின்றன. வங்கியில் கார்டை நிறுத்திவிட்டார்கள், தொடர் பிடித்தம் எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள்.

இப்போது பகிர்வுகள். பக்கத்தை பிளாக் செய்துவிட்டு ஆரம்பிக்கட்டுமா?

---

வலைக்கண் · வெள்ளி, இரவு 11:05

பிளாக் கடைசியில்தான். முதலிலேயே செய்துவிட்டால் அந்தப் பதிவுக்குப் போய் உங்கள் கமெண்டை எடுப்பது சிக்கலாகிவிடும், புகாரும் செய்ய முடியாமல் போகலாம். அழிக்கும் முன் சான்றையும் எடுத்துவையுங்கள். பதிவின் லிங்க், உங்களுக்கு "வாழ்த்துகள்" சொன்ன கமெண்டின் ஸ்கிரீன்ஷாட், கூகுள் ஃபார்மின் முகவரி, இரண்டாவது தளத்தின் முகவரி. பக்கத்தின் அறிமுகப் பகுதியில் Page transparency என்று இருக்கும், அதையும் திறந்து படம் எடுங்கள். வங்கியோ காவல்துறையோ பின்னால் கேட்டால் கையில் இருப்பது இதுதான்.

அப்புறம் உடனடியாக ஒன்று: வாட்ஸ்அப். புதன் இரவு எட்டரைக்கு அனுப்பினேன் என்றீர்கள். எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி 2 நாள் 12 மணி நேரம் வரைதான். நாளை காலை எட்டரை வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. இப்போதே அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து Delete for everyone கொடுத்துவிடுங்கள். நேரம் தாண்டினால் குழு அட்மினால் மட்டுமே எல்லோருக்கும் அழிக்க முடியும்.

---

மழைக்குருவி · வெள்ளி, இரவு 11:20

டேக் எடுப்பது ரொம்பச் சுலபம். பதிவின் மூன்று புள்ளியை அழுத்தினால் Remove tag என்று வரும். என்னைப் போன மாதம் யாரோ ஒருவர் செருப்பு விளம்பரப் படத்தில் 50 பேரோடு சேர்த்து டேக் செய்துவிட்டார். அப்படித்தான் எடுத்தேன். அமைப்பில் போய், என்னை டேக் செய்தால் நான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே என் பக்கத்தில் வரும்படியும் வைத்துவிட்டேன். நீங்களும் அப்படி வையுங்கள், இனி இந்தத் தொல்லை இருக்காது.

---

வலைக்கண் · வெள்ளி, இரவு 11:31

மழைக்குருவி, நீங்கள் சொல்வது டேக் செய்யப்பட்டவர் செய்ய வேண்டியது. இங்கே அக்காதான் மற்றவர்களை டேக் செய்திருக்கிறார், அதுவும் படத்தில் அல்ல, கமெண்டில். கமெண்டில் எழுதிய பெயரை எடுப்பது எழுதியவர் கையில்தான் இருக்கிறது. அவர் கமெண்டை அழித்தால் 10 பேரின் பெயரும் அதோடு போய்விடும்.

அதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அந்த ஏமாற்றுக்காரர்கள் கமெண்டுகளைத்தான் மேய்கிறார்கள். Done என்று எழுதியவரையும், அவர் டேக் செய்து அதனால் வந்து கமெண்ட் போட்டவரையும் பார்த்து "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று பதில் போடுகிறார்கள். கமெண்ட் நிற்கும்வரை அது அவர்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல். பகிர்வை அழித்துவிட்டுக் கமெண்டை மறப்பவர்கள் நிறையப் பேர்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். டேக் ஆன அறிவிப்பு அவர்களுக்கு மின்னஞ்சலில் போயிருந்தால் அது அங்கேயே இருக்கும். நீங்கள் அழிப்பதால் அவர்கள் அஞ்சல்பெட்டியில் எதுவும் மாறாது. அதனால் 10 பேருக்கும் நேரில் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

---

செண்பகப்பூ · சனி, காலை 7:15

வாட்ஸ்அப்பில் அழித்துவிட்டேன். குழுவில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று நிற்கிறது. அதற்குக் கீழே என் சித்தப்பா "என்னம்மா அது, நான் ஃபார்வர்டு பண்ணிட்டேனே" என்று எழுதியிருக்கிறார்.

Activity log திறந்தேன். Comments and reactions பகுதியில் என் கமெண்டுகள் மூன்று இருந்தன. டேக் செய்த இரண்டும் எனக்கு நினைவிருந்தது. மூன்றாவது, "வாழ்த்துகள்" சொன்னவருக்கு நான் "நன்றி ஐயா, படிவம் நிரப்பிவிட்டேன்" என்று எழுதிய பதில். மறந்தே போயிருந்தேன். அதைப் பார்த்து வேறு இரண்டு பேர் "எனக்கும் லிங்க் வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள். என் பதிலை வைத்து அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது கை நடுங்கியது. அந்த இருவருக்கும் "இது மோசடி, நிரப்பாதீர்கள்" என்று தனிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் என் கமெண்டை எடுத்தேன்.

டைம்லைன் பகிர்வும் குழுப் பகிர்வுகளில் மூன்றும் போய்விட்டன. நான்காவது குழுவில் என் பதிவே கண்ணில் படவில்லை. Page transparency-யில் பக்கம் தொடங்கிய ஆண்டு பழையதாக இருக்கிறது, ஆனால் போன மாதம்தான் பெயர் மாறியிருக்கிறது. முன்பு அது பூனைப் படங்கள் போடும் பக்கம். நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வேறு. இதை முன்பே பார்த்திருக்கலாம்.

---

வலைக்கண் · சனி, காலை 8:02

அந்த இருவருக்கும் முதலில் எழுதியது மிகச் சரி. அழித்த பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

நான்காவது குழுவில் அட்மின் ஒப்புதலுக்காக உங்கள் பதிவு காத்திருக்கலாம். இன்னும் வெளியாகவில்லை என்பதால் கண்ணில் படாது, ஆனால் அட்மின் ஒப்புக்கொண்ட நிமிடம் வெளியே வந்துவிடும். குழுவுக்குள் போய் உங்கள் பதிவுகள் என்ற பகுதியில் காத்திருப்பவற்றைப் பாருங்கள்.

அழித்த பகிர்வுகள் குப்பைத்தொட்டிக்குப் போயிருந்தால் 30 நாள் அங்கே இருக்கும். மற்றவர்கள் யாருக்கும் தெரியாது, அதனால் கவலையில்லை. விரும்பினால் Activity log-இலேயே Trash-ஐத் திறந்து உடனே நீக்கலாம். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, உங்கள் சுயவிவரப் பக்கத்தின் மூன்று புள்ளியில் View as இருக்கிறது. வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அது காட்டும். குழுக்களை அது காட்டாது. அதற்கு ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பதிவையும் பக்கத்தையும் மோசடி என்று புகார் செய்யுங்கள். பகிர்வதையும் நண்பர்களை டேக் செய்வதையும் போட்டிக்கு நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று ஃபேஸ்புக்கின் பக்க விதிகளிலேயே இருக்கிறது. நேர்மையான நிறுவனங்களிலும் சில இதைத் தெரியாமல் மீறுகின்றன, அதனால் இதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது. பெயர் மாற்றமும் முற்றுப்புள்ளியும் இருக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. புகார் முடிந்தபின் பிளாக்.

---

நியாயத்தராசு · சனி, காலை 10:20

படிவத்தில் கொடுத்த தகவலுக்கும் வழி இருக்கிறது. பல நாடுகளில் தனிநபர் தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியில் 17-வது பிரிவு அதுதான். அந்தப் படிவத்தை வைத்திருப்பவருக்கு முறையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம்.

---

வலைக்கண் · சனி, காலை 10:47

உரிமை உண்மை. யாருக்கு எழுதுவது என்பதுதான் கேள்வி. பொய்ப் பெயரில் படிவம் வைத்தவருக்கு எழுதினால், "இந்த மின்னஞ்சல் உயிரோடு இருக்கிறது, ஆள் பதறிப்போயிருக்கிறார்" என்ற செய்திதான் அவருக்குப் போகும். அப்படி எழுதிய ஒருவருக்கு, அழித்துத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கூகுள் ஃபார்மில் ஒரு சிறு வாசல் உண்டு. படிவம் வைத்தவர் பதிலைத் திருத்த அனுமதித்திருந்தால், அனுப்பியபின் வரும் பக்கத்திலோ உங்களுக்கு வந்த நகல் அஞ்சலிலோ திருத்துவதற்கான லிங்க் இருக்கும். இருந்தால் எல்லாக் கட்டங்களையும் பொருளில்லாத எழுத்துகளால் நிரப்பி மறுபடி அனுப்பலாம். ஆனால் அவர் ஏற்கெனவே பதில்களை இறக்கி வைத்திருந்தால் அந்தத் திருத்தத்தால் பயன் இல்லை. பதில்கள் ஒரு விரிதாளில் சேர்ந்திருந்தால் அதன் பழைய பதிப்புகளிலும் முதல் பதில் கிடைக்கலாம். இதனால் கெடுதல் இல்லை, முழு நம்பிக்கையும் வேண்டாம்.

அதைவிட உருப்படியானது, படிவத்தின் அடியில் இருக்கும் புகார் இணைப்பு. கூகுள் அந்தப் படிவத்தை முடக்கினால் உங்களுக்குப் பின்னால் வருபவர்களாவது தப்புவார்கள்.

---

நியாயத்தராசு · சனி, காலை 11:05

எனக்கு முழுதாக ஒப்புதல் இல்லை. இந்த மாதிரித் தளங்களில் சில, விளம்பர நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் தளங்கள். அடியில் தனியுரிமைக் கொள்கை இருக்கும், தகவலைப் பெறும் நிறுவனங்களின் பட்டியலும் இருக்கும். அந்த நிறுவனங்கள் பதிவு பெற்றவை. அவர்களுக்கு எழுதினால் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். எனக்கே இரண்டு நிறுவனங்கள் எடுத்துவிட்டன, அழைப்புகள் குறைந்தன.

---

வலைக்கண் · சனி, காலை 11:12

சரி, அந்த வகையில் நீங்கள் சொல்வது பொருந்தும். அக்கா, உங்கள் இரண்டாவது தளத்தில் அப்படிப் பட்டியல் ஏதாவது இருந்ததா? முகவரியை இப்போது மீண்டும் திறந்து பார்க்காதீர்கள், எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பாருங்கள்.

---

செண்பகப்பூ · சனி, மதியம் 1:30

பட்டியல் எதுவும் இல்லை. நான்காவது குழுவில் நீங்கள் சொன்னபடியே பதிவு காத்திருந்தது, எடுத்துவிட்டேன். கூகுள் ஃபார்மில் திருத்தும் லிங்க் இல்லை, புகார் செய்துவிட்டேன். பக்கத்தையும் புகார் செய்து பிளாக் செய்தாயிற்று.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். 12 மணிக்கு ஓர் அழைப்பு. ஒரு பெண், மிகவும் மரியாதையாகப் பேசினார். என் முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் அவரே படித்தார். "சரிதானே மேடம்? உங்கள் பரிசை உறுதி செய்ய ஒரு 6 இலக்க எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்றார். அதே நேரம் குறுஞ்செய்தி வந்தது. பார்த்தால் வாட்ஸ்அப்பின் பதிவு எண். எதுவும் சொல்லாமல் துண்டித்துவிட்டேன். உடனே மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை.

---

கதிர்_09 · சனி, மதியம் 1:41

நல்ல வேளை அக்கா! அந்த எண்ணைச் சொல்லியிருந்தா உங்க வாட்ஸ்அப்பே அவங்க போனுக்குப் போயிருக்கும். நான் நேத்து எதுவும் போயிருக்காதுன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க.

போன் நம்பரையே மாத்திடலாமா?

---

வலைக்கண் · சனி, மதியம் 2:10

உடனே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப்பில் Settings, அதில் Account, அதில் Two-step verification. நீங்களே ஒரு 6 இலக்கப் பின் எண் வைத்துவிடுங்கள். அதன்பின் குறுஞ்செய்தி எண் யாரிடமாவது போனாலும், இந்தப் பின் இல்லாமல் உங்கள் கணக்கை அவர்கள் போனில் முழுதாகத் திறக்க முடியாது. பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதீர்கள், அது அவர்களிடம் இருக்கிறது.

பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் யாராலும் திரும்பப் பெற முடியாது. அவற்றை வைத்து என்னென்ன செய்ய முடியுமோ அந்தக் கதவுகளைத்தான் பூட்ட முடியும். வங்கியோ போன் நிறுவனமோ உங்களை அடையாளம் காணப் பிறந்த தேதியையும் முகவரியையும் மட்டும் கேட்டால், கூடுதலாக ஒரு கேள்வியோ பின் எண்ணோ வைக்க முடியுமா என்று கேளுங்கள். போன் நிறுவனத்திடம், உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் கேட்டு யாராவது வந்தால் எளிதில் கொடுக்காதபடி குறிப்பு வைக்கச் சொல்லலாம்.

எண்ணை மாற்றுவதா என்பதில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய எண் வேறொருவர் கைக்குப் போகும்போது, அந்த எண்ணோடு இணைந்த கணக்குகள் ஒன்றிரண்டை மறந்திருந்தால் அதுவும் ஓர் ஆபத்து. பொதுவாக நான் மாற்றச் சொல்வதில்லை.

---

தூரத்துமணி · சனி, மாலை 4:00

நான் மாற்றினேன், மாற்றியதுதான் நல்லது என்பேன். என் அம்மாவின் எண் இப்படி ஒரு படிவத்தில் போனபின் நாளுக்கு ஏழெட்டு அழைப்புகள். ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வயதானவர், எந்த அழைப்பு உண்மை என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டு, பழையதை ஆறு மாதம் ஓர் ஓரத்தில் உயிரோடு வைத்திருந்தோம். அதற்குள் எங்கெங்கே அந்த எண் இருந்தது என்று தெரிந்துவிட்டது.

---

செண்பகப்பூ · சனி, மாலை 5:25

எனக்கு இப்போதைக்கு மூன்று அழைப்புகள்தான். கொஞ்ச நாள் பார்க்கிறேன். பின் எண் வைத்துவிட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கணினியின் மூலையில் "உங்கள் பரிசு காலாவதியாகிறது" என்று திடீர் திடீரென்று ஒரு பெட்டி வருகிறது. எல்லாவற்றையும் மூடினாலும் வருகிறது. வைரஸா?

---

வலைக்கண் · சனி, மாலை 5:50

பெரும்பாலும் வைரஸ் இல்லை. அந்த இரண்டாவது தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டு, நீங்கள் Allow அழுத்தியிருப்பீர்கள். குரோம் என்றால் முகவரிப் பட்டையில் இதைத் தட்டுங்கள்:

```
chrome://settings/content/notifications
```

அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் முகவரியைத் தேடி அனுமதியை எடுத்துவிடுங்கள். அதன்பிறகும் பெட்டி வந்தால் சொல்லுங்கள், அப்போது வேறு இடம் பார்க்கலாம்.

ஃபேஸ்புக்கில் Settings-க்குள் Apps and websites பகுதியையும் ஒருமுறை திறந்து, அந்தத் தளம் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடலாம். எடுத்தால் இனிமேல் தகவல் போகாது, அவ்வளவுதான். இதுவரை போனது அவர்களிடமே இருக்கும்.

---

செண்பகப்பூ · ஞாயிறு, காலை 9:10

பட்டியலில் அந்தத் தளம் இருந்தது, எடுத்துவிட்டேன், பெட்டி நின்றுவிட்டது. Apps and websites-இல் எதுவும் இல்லை.

ஆனால் புதிதாக ஒன்று. அண்ணன் மகளுக்குச் சொல்லியும் அவள் இன்னும் அழிக்கவில்லை. அவள் டைம்லைனில் இன்று பார்த்தால் டேப்லெட் படமே இல்லை. "வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள், இன்றே முதலீடு செய்யுங்கள்" என்று வேறு என்னவோ இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை பிளாக் செய்திருப்பதால் அவள் போனில்தான் பார்த்தேன். அவள் இதைப் பகிரவே இல்லை என்கிறாள். அவள் கணக்கை யாராவது பிடித்துவிட்டார்களா?

---

வலைக்கண் · ஞாயிறு, காலை 9:34

கணக்கைப் பிடித்திருக்க வாய்ப்பு குறைவு. மூலப் பதிவை அந்தப் பக்கத்துக்காரர் திருத்தியிருக்கிறார். பகிர்வு என்பது நகல் இல்லை, மூலத்தைக் காட்டும் ஒரு ஜன்னல். மூலத்தில் வாசகத்தை மாற்றினால், பகிர்ந்த அத்தனை பேர் டைம்லைனிலும் புது வாசகம்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பகிர்வுகள் சேரும்வரை டேப்லெட் ஆசை காட்டுவது இதற்காகத்தான். பிறகு அதே பதிவு முதலீட்டு மோசடிக்கு விளம்பரமாகிறது, மேலே உங்கள் அண்ணன் மகளின் பெயர் நிற்கிறது. அவரைத் தெரிந்தவர்கள், அவர் பரிந்துரைக்கிறார் என்று நினைப்பார்கள்.

உறுதி செய்ய, பதிவின் மூன்று புள்ளியில் View edit history இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய டேப்லெட் வாசகம் தேதியோடு அங்கே இருந்தால் இதுதான் நடந்தது. படம் எடுத்துக்கொண்டு, பகிர்வை அழிக்கட்டும்.

---

மழைக்குருவி · ஞாயிறு, காலை 10:05

இது எனக்குத் தெரியாது. நான் இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன குழந்தை என்று ஒன்றைப் பகிர்ந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் "This content isn't available right now" என்று வெற்றுப் பெட்டியாக நிற்கிறது. அதை விட்டுவிடலாமா?

---

வலைக்கண் · ஞாயிறு, காலை 10:18

மூலப் பதிவு நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது யார் பார்க்கலாம் என்பதை மாற்றியிருக்கலாம். இரண்டாவது என்றால் நாளை மறுபடி திறந்துவிட முடியும், அப்போது உங்கள் பெட்டியில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. Activity log-இல் அந்த மாதத்தைத் தேர்ந்து, பெட்டியை அழித்துவிடுங்கள்.

---

தூரத்துமணி · ஞாயிறு, காலை 11:40

செண்பகப்பூ, டேக் செய்த 10 பேருக்கும் தனித்தனியாகச் சொன்னீர்களா, அல்லது டைம்லைனில் பொதுவாகப் போட்டீர்களா? நான் பொதுவாகப் போடுவதுதான் நல்லது என்பேன். உங்கள் பகிர்வைப் பார்த்துவிட்டு எதுவும் எழுதாமல் படிவம் நிரப்பியவர்கள் இருப்பார்கள், அவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

---

நியாயத்தராசு · ஞாயிறு, மதியம் 12:02

பொதுவாகப் போடும்போது "நான் ஏமாந்தேன், படிவத்தில் எல்லாம் கொடுத்துவிட்டேன்" என்று எழுதினால், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று அடுத்த கும்பல் வந்து நிற்கும். தனியாகச் சொல்வதே பாதுகாப்பு.

---

செண்பகப்பூ · ஞாயிறு, மாலை 6:30

இருவர் சொன்னதையும் யோசித்தேன். 10 பேரில் ஒன்பது பேருக்குப் போன் செய்துவிட்டேன். இருவர் படிவம் நிரப்பியிருந்தார்கள். அதில் என் நாத்தனார் பாஸ்வேர்டும் கொடுத்திருக்கிறார். இங்கே நீங்கள் சொன்ன வரிசையிலேயே அவரோடு உட்கார்ந்து மின்னஞ்சலை மாற்றினோம். அவருடைய அஞ்சலில் ஒரு திருப்பிவிடல் இருந்தது! தெரியாத முகவரி, வியாழக்கிழமை முதல். எடுத்துவிட்டோம். வங்கியிடமிருந்து வந்த அஞ்சல்கள் அதில் போயிருக்கின்றன, அதனால் நாளை காலை முதல் வேலையாக வங்கிக்குப் போகிறோம்.

டைம்லைனில் நான் எதைக் கொடுத்தேன் என்று எழுதவில்லை. இவ்வளவுதான் போட்டேன்: "புதன்கிழமை நான் பகிர்ந்த டேப்லெட் பரிசுப் பதிவு மோசடி. நீங்கள் பகிர்ந்திருந்தால் அழியுங்கள். படிவம் நிரப்பியிருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், என்ன செய்வதென்று சொல்கிறேன்." இதுவரை நான்கு பேர் கூப்பிட்டார்கள்.

அண்ணன் மகள் பகிர்வை அழித்துவிட்டாள். திருத்த வரலாற்றில் டேப்லெட் வாசகம் இருந்தது, படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

சித்தப்பா ஃபார்வர்டு செய்ததுதான் மீதி. அவர் அனுப்பியது வியாழன் மாலை ஏழு மணிக்கு என்கிறார், அந்த 2 நாள் 12 மணி நேரக் கெடு இன்று காலையோடு போய்விட்டது. மூன்று குழுக்கள். இரண்டில் அட்மின் தெரிந்தவர்கள், பேசி எடுக்க வைத்துவிட்டோம். மூன்றாவது அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் குழு, 180 பேர், அட்மின் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

---

வலைக்கண் · ஞாயிறு, மாலை 6:52

நாத்தனாரிடம், அந்தத் திருப்பிவிடல் முகவரியை எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், வங்கியில் அதைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது குழுவுக்கு: குழுவின் பெயரை அழுத்தினால் உறுப்பினர் பட்டியலில் அட்மின் பெயருக்குப் பக்கத்தில் Group admin என்று இருக்கும். சித்தப்பாவை அதைப் பார்த்து நேராக எழுதச் சொல்லுங்கள். அதுவரை, அவர் அனுப்பிய பழைய செய்திக்கே பதிலாக "இதைத் திறக்காதீர்கள், மோசடி" என்று போடட்டும். பதிலாகப் போட்டால் எந்தச் செய்தியைச் சொல்கிறார் என்று 180 பேருக்கும் தெரியும்.

---

செண்பகப்பூ · ஞாயிறு, இரவு 8:15

திருப்பிவிடல் முகவரியை எடுக்கும் முன் போனில் படம் எடுத்திருந்தோம், இருக்கிறது. சித்தப்பா பதில் போட்டுவிட்டார். அட்மினுக்கு எழுதியிருக்கிறார், இன்னும் ஒற்றை டிக்தான்.